ஒருமுறை கேட்ட உரையை 40 விநாடிகளில் திருப்பிச் சொல்வது: பி.டி.இ. ‘ரீடெல் லெக்சர்’ வழிகாட்டி

ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் படிக்கப் போகிறவர்களும் குடியேற விண்ணப்பிக்கிறவர்களும் எழுதும் ஆங்கிலத் தேர்வுகளில் ஒன்று, பியர்சன் நிறுவனம் நடத்தும் பி.டி.இ. அகாடமிக். அதன் பேச்சுப் பகுதியில் ‘ரீடெல் லெக்சர்’ என்று ஒரு கேள்வி வரும். ஹெட்போனில் அதிகபட்சம் ஒன்றரை நிமிடம் ஓர் உரை ஒலிக்கும். ஒரே ஒருமுறைதான். முடிந்ததும் 10 விநாடி அவகாசம். பிறகு ஒரு சிறிய மணியோசை கேட்கும், மைக் திறக்கும், 40 விநாடிக்குள் அந்த உரையை உங்கள் வாயால் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். கனடாவுக்கென இருக்கும் பி.டி.இ. கோர் தேர்வில் இந்தக் கேள்வி கிடையாது. அதை எழுதுகிறவர்கள் இதற்காக நேரம் செலவிட வேண்டியதில்லை.

இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் மதிப்பெண் பேச்சுக்கும் சேரும், கேட்டலுக்கும் சேரும். ஆகவே இங்கே சறுக்கினால் இரண்டு இடத்தில் குறையும். ஆனாலும் பலர் இதை நினைவாற்றல் சோதனை என்று எண்ணிக்கொண்டு தயாராகிறார்கள். கேட்டதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள முயல்கிறார்கள், முடியாமல் திணறுகிறார்கள், திணறல் அப்படியே மைக்கில் பதிவாகிறது. எதிலிருந்து எது வந்தது என்ற கோவையைப் பிடிப்பதும், பிடித்ததைத் தடங்கல் இல்லாமல் சொல்வதும்தான் இங்கே தேவை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகவே.

கணினி எதைக் கேட்கிறது

பதிலை மூன்று கோணங்களில் மதிப்பிடுகிறார்கள்: உள்ளடக்கம், பேச்சோட்டம், உச்சரிப்பு. மதிப்பெண் போடும் மென்பொருள், மனித மதிப்பீட்டாளர்கள் முன்பே மதிப்பெண் போட்ட ஏராளமான பதில்களைக் கொண்டு பழக்கப்பட்டது. நல்ல பதில் என்று மனிதர்கள் எதைச் சொன்னார்களோ, அதன் சாயல் உங்கள் பதிலில் எவ்வளவு இருக்கிறது என்று அது பார்க்கிறது.

உள்ளடக்கத்தில் உயர்ந்த மதிப்பெண்ணுக்கு முக்கியச் செய்திகள் இருந்தால் மட்டும் போதாது. அந்தச் செய்திகளுக்கு இடையிலான உறவும், அவற்றின் விளைவும், பேச்சாளர் வந்து சேர்ந்த முடிவும் இருக்க வேண்டும் என்பது பியர்சன் வெளியிட்ட மதிப்பீட்டு விளக்கத்தின் சாரம். இதைப் பலர் படிப்பதே இல்லை. உரையில் கேட்ட பத்துச் சொற்களை வரிசையாக ஒப்பித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒப்பித்தால் இடைநிலை மதிப்பெண் வரலாம், அதற்குமேல் ஏறாது.

பேச்சோட்டத்தில் பார்ப்பது வேகத்தை அல்ல. தயக்கம், சொன்னதையே மறுபடி சொல்வது, ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்குவது: இவை மூன்றும்தான் மதிப்பெண்ணைத் தின்பவை. இவை ஒன்றுமே இல்லாத பேச்சுதான் உச்ச மதிப்பெண்ணுக்குரியது. ஒன்று இரண்டு வந்தாலே ஒரு படி கீழே இறங்கிவிடும். இலக்கணத்துக்கு இந்தக் கேள்வியில் தனி மதிப்பெண் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சிறிய இலக்கணப் பிழையைப் பாதியில் நிறுத்தித் திருத்தினால், திருத்தியதற்கு ஒன்றும் கிடைக்காது. நிறுத்தியதற்கு மட்டும் கழியும். வாயிலிருந்து போன பிழையைப் போகவிடுங்கள்.

இங்கேதான் சிக்கல். உள்ளடக்கத்துக்காக நிறையச் சொல்ல முயன்றால் ஓட்டம் கெடுகிறது. ஓட்டத்துக்காக மனப்பாட வாக்கியங்களைச் சொன்னால் உள்ளடக்கம் வறண்டுபோகிறது. இந்த இழுபறியை மைக் திறந்த பிறகு தீர்க்க முடியாது. உரை ஒலிக்கும்போதே, குறிப்பெடுக்கும் கையில்தான் தீர்க்க வேண்டும்.

முதல் படி: முதல் இரண்டு வாக்கியங்களுக்குப் பேனாவைத் தொடாதீர்கள்

தேர்வு மையத்தில் அழித்து எழுதக்கூடிய ஏட்டையும் பேனாவையும் தருவார்கள். உரை தொடங்கியதும் கை பரபரக்கும். முதல் சொல்லையே எழுதத் தொடங்கினால், அதை எழுதி முடிக்கும் நேரத்தில் தலைப்பைச் சொல்லும் வாக்கியம் கடந்துபோயிருக்கும்.

உரைகள் பெரும்பாலும் ஒரு வகுப்பின் நடுவிலிருந்து வெட்டியெடுத்தவை போலத் தொடங்கும். வணக்கமோ முன்னுரையோ இருக்காது. ஆகவே முதல் இரண்டு வாக்கியங்களை முழுக் காதோடு கேட்டு, ‘எதைப் பற்றி, அதில் என்ன பிரச்சினை’ என்று மனதில் ஒரே வரியாகப் பிடியுங்கள். பிறகு அந்த வரியின் தலைச்சொல்லை ஏட்டின் மேலே எழுதுங்கள். திரையில் படம் இருந்தால் உரை தொடங்குமுன்பே அதைப் பாருங்கள். தலைப்பின் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: குறிப்பு மேலிருந்து கீழே இறங்கட்டும்

குறிப்பெடுக்கும் முறைகள் எத்தனையோ உண்டு. நடுவில் வட்டம் போட்டுக் கிளை பிரிப்பது படிப்புக்கு நல்லது. இந்தக் கேள்விக்கு உதவாது. பேசும்போது கண் எங்கே போவது என்று தெரியாமல் தாளில் அலையும். அந்த அலைச்சல் அரை விநாடித் தயக்கமாக வெளியே வரும். நீங்கள் எழுதுகிற வரிசையே நீங்கள் பேசப்போகும் வரிசையாக இருக்க வேண்டும். ஒரு வரியில் ஒரு செய்தி, அடுத்தது அதன் கீழே.

சொற்களை எழுதும்போது பெயர்ச்சொற்களை மட்டும் சேர்ப்பதுதான் பெரும்பாலோரின் வழக்கம். அவற்றுக்கு நடுவே உள்ள குறிகளைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். ஒன்று இன்னொன்றை உண்டாக்கியதா? → போடுங்கள். கூடியதா, குறைந்ததா? ↑ அல்லது ↓. பேச்சாளர் ‘பட்’, ‘ஹவ்எவர்’ என்று திரும்பினாரா? அந்த இடத்தில் ஒரு பெரிய ✗ போடுங்கள். இந்தக் குறிகள்தான் பேசும்போது இணைப்புச் சொற்களாக மாறும். அம்பைக் கண்டால் ‘திஸ் லீட்ஸ் டு’, பெருக்கல் குறியைக் கண்டால் ‘ஹவ்எவர்’. குறி இல்லாத குறிப்பைப் பார்த்துப் பேசினால் சொற்பட்டியல்தான் வரும்.

குறிப்புகளை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினால் வேகமாக வரும் என்று சிலர் எண்ணுவது உண்டு. எழுதும்போது ஒருமுறையும் பேசும்போது ஒருமுறையும் மொழி மாற்ற வேண்டியிருக்கும். 40 விநாடிக்குள் அந்தச் சுமை தாங்காது. மேலும், பேச்சாளர் பயன்படுத்திய அதே ஆங்கிலச் சொல் உங்கள் பதிலில் இருப்பது உள்ளடக்கத்துக்கு நல்லது. முழுச் சொல்லாக எழுத வேண்டாம். மூன்று நான்கு எழுத்துகள் போதும்.

எத்தனை வரி? ஏழெட்டு. 40 விநாடியில் அதற்குமேல் சொல்ல இடமில்லை. பதினைந்து வரி எழுதியவர் பத்து விநாடி அவகாசத்தில் எதை விடுவது என்று தடுமாறுவார்.

ஓர் உரையை எடுத்துச் செய்து பார்ப்போம்

ஓசோன் படலம் பற்றிய ஓர் உரை என்று வைத்துக்கொள்வோம். தேர்வில் அது ஆங்கிலத்தில் ஒலிக்கும். கருத்து மட்டும் இங்கே தமிழில்:

“அண்டார்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்தில் 1950களிலிருந்தே பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வானிலுள்ள ஓசோனின் அளவை அளந்துவந்தார்கள். பல ஆண்டுகள் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் 1970களின் பிற்பகுதியிலிருந்து, ஒவ்வொரு வசந்த காலத்திலும் அளவு குறையத் தொடங்கியது. கருவியில் கோளாறு இருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். வேறொரு கருவியை வரவழைத்து அளந்தார்கள், அதுவும் அதையே காட்டியது. 1985இல் ஜோசப் ஃபார்மனும் இரண்டு சகாக்களும் இதை வெளியிட்டார்கள். காரணம், குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்ப்ரே கேன்களிலும் பயன்பட்ட சி.எஃப்.சி. வாயுக்கள். அவை தரைக்கு அருகில் எதோடும் வினைபுரிவதில்லை. அதனாலேயே சிதையாமல் மேலே போகின்றன. அங்கே புற ஊதாக் கதிர் பட்டுக் குளோரினை விடுவிக்கின்றன. குளோரின் ஓசோனை அழிக்கிறது. ஓசோன் குறைந்தால் புற ஊதாக் கதிர் கூடுதலாகத் தரையை எட்டும், தோல் புற்றுநோய் அபாயம் உயரும். இரண்டே ஆண்டுகளில், 1987இல், மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இன்று ஓசோன் மீண்டுவருகிறது. ஆனால் அந்த வாயுக்கள் பல பத்தாண்டுகள் காற்றில் தங்குவதால் முழுதாக மீள நீண்ட காலம் ஆகும்.”

இதைக் கேட்டுக்கொண்டே எடுக்கக்கூடிய குறிப்பு இப்படி இருக்கலாம். தேர்வில் இதை ஆங்கிலச் சுருக்கங்களில் எழுதுவீர்கள்.

ஓசோன் – அண்டார். – பிரிட்.
70 கடைசி, வசந்தம் ↓
கருவி? வேறு கருவி = அதே
85 வெளியீடு
சி.எஃப்.சி. (ஃப்ரிட்ஜ், ஸ்ப்ரே) → மேலே → குளோரின் → ஓசோன் ↓
→ யு.வி. ↑ புற்று ↑
87 மான்ட்ரியல் → மீட்சி
✗ மெதுவாக: வாயு தங்கும்

எட்டு வரி. ஃபார்மனின் பெயர் இதில் இல்லை. பெயர் தெளிவாகக் காதில் விழுந்தால் எழுதலாம். பாதி மட்டும் கேட்டது என்றால் விட்டுவிடுவதே நல்லது, ஏனென்றால் ‘ஃபா... ஃபார்மர்... ஃபார்மன்’ என்று மைக்கில் இழுத்தால் அந்த ஒரு பெயருக்காக ஓட்டம் உடையும். ‘பிரிட்டிஷ் விஞ்ஞானிகள்’ என்றாலே போதும்.

ஐந்தாம் வரியைப் பாருங்கள். அதில் மூன்று அம்புகள் உள்ளன. இந்த உரையின் முதுகெலும்பு அதுதான். ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகும் சங்கிலி எந்த வரியில் நீளமாக இருக்கிறதோ, அதை முழுதாகச் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்றாம் படி: பத்து விநாடியில் செய்ய வேண்டியது

உரை முடிந்ததும் திரையின் பதிவுப் பெட்டியில் விநாடிகள் குறைந்துகொண்டே வரும். இந்த நேரத்தில் குறிப்புகளை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினால் நான்காம் வரிக்குள் மணி அடித்துவிடும். இரண்டே வேலைகள் செய்யுங்கள்.

முதலாவது, ஒரு வரியை அடியுங்கள். மேலுள்ள எடுத்துக்காட்டில் நான் மூன்றாம் வரியை, கருவிச் சந்தேகத்தை, அடிப்பேன். உரையில் மிகவும் சுவையான பகுதி அதுதான். கேட்டவர் மனதில் நிற்பதும் அதுதான். ஆனால் அதை எடுத்துவிட்டாலும் குறைவு, காரணம், விளைவு, தீர்வு என்ற கோவை அறுபடுவதில்லை. ஒரு வரியை எடுத்தால் கோவை அறுபடுமா என்பதே அடிப்பதற்கான சோதனை. சுவைக்கு இங்கே மதிப்பெண் இல்லை.

இரண்டாவது, முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மனதுக்குள் ஆங்கிலத்தில் முழுதாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியம் தயாராக இருந்தால் மணியோசை அடங்கியதும் தொடங்கிவிடலாம். மூன்று விநாடி மௌனமாக இருந்தால் பதிவு தானாக நின்றுவிடும். பிறகு அந்தக் கேள்விக்குத் திரும்ப முடியாது. கடைசி வாக்கியம் தயாராக இருந்தால் நடுவில் நேரம் நெருக்கினாலும் முடிவுக்குத் தாவ முடியும். பேச்சாளரின் முடிவைச் சொல்லாமல் 40 விநாடி தீர்ந்துபோவதுதான் இந்தக் கேள்வியில் நான் அதிகம் காணும் இழப்பு. உள்ளடக்கத்துக்குத் தேவையான முடிவு வாயை எட்டுமுன்பே மைக் மூடிவிடுகிறது.

நான்காம் படி: நாற்பது விநாடி

சாதாரண வேகத்தில் பேசுகிறவர் 40 விநாடியில் ஆங்கிலத்தில் சுமார் 90 சொற்கள் சொல்லலாம். மேலுள்ள குறிப்பிலிருந்து ஏறத்தாழ அந்த அளவுக்குள் அடங்கும் பதில், கருத்தளவில் இதுதான்:

“அண்டார்டிகாவின் மேலே ஓசோன் குறைவதை விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது பற்றியது இந்த உரை. 1970களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஓசோன் குறைவதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கவனித்து 1985இல் வெளியிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டிகளிலிருந்தும் ஸ்ப்ரேக்களிலிருந்தும் வரும் சி.எஃப்.சி. வாயுக்களே காரணம், அவை மேலே சென்று குளோரினை விடுவிக்கின்றன, குளோரின் ஓசோனை அழிக்கிறது. இதனால் புற ஊதாக் கதிர் கூடுதலாக உள்ளே வருகிறது, தோல் புற்றுநோய் அபாயம் உயர்கிறது. இதன் விளைவாக 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. ஓசோன் இப்போது மீண்டுவருகிறது. ஆனால் அந்த வாயுக்கள் பல பத்தாண்டுகள் காற்றில் தங்குவதால் மெதுவாகத்தான் மீள்கிறது.”

ஏழு வாக்கியங்கள். ஒவ்வொன்றும் முந்தையதன் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ‘இதனால்’, ‘இதன் விளைவாக’, ‘ஆனால்’, ‘தங்குவதால்’ ஆகிய நான்கு இணைப்புகளும் குறிப்பிலிருந்த அம்புகளும் பெருக்கல் குறியுமே.

இதே குறிப்பை வைத்துக்கொண்டு பலர் சொல்வது வேறு மாதிரி இருக்கும்: “இந்த உரை ஓசோனைப் பற்றிப் பேசுகிறது. பேச்சாளர் அண்டார்டிகாவைப் பற்றிக் குறிப்பிட்டார். அவர் 1985ஐப் பற்றியும் குறிப்பிட்டார். மேலும் சி.எஃப்.சி. பற்றி விளக்கினார். இறுதியாக, இந்த உரை மிகவும் பயனுள்ளதாக இருந்தது.” இதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஆனால் 1985இல் என்ன நடந்தது, சி.எஃப்.சி.க்கும் ஓசோனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் இல்லை. கடைசி வாக்கியத்தை எந்த உரையின் முடிவிலும் ஒட்டலாம். அதனாலேயே அதற்கு மதிப்பில்லை. எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் வார்ப்பு வாக்கியங்களை மனப்பாடம் செய்து, நடுவில் மட்டும் சொற்களைச் செருகும் இந்த முறை ஒருகாலத்தில் பயிற்சி மையங்களில் பரவலாகச் சொல்லித்தரப்பட்டது. 2025 ஆகஸ்டில் பி.டி.இ.யில் செய்த மாற்றங்களுக்குப் பிறகு, இப்படிப்பட்ட பதில்களை இனம்காண மனித மதிப்பீட்டாளர்களும் உள்ளடக்கத்தைப் பார்க்கிறார்கள். பழைய காணொளிகளைப் பார்த்துத் தயாராகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தொடக்கத்தில் ‘திஸ் லெக்சர் இஸ் அபவுட்’ என்று ஒருமுறை சொல்வதில் பிழையில்லை; அதற்கு அடுத்த சொல்லிலிருந்து பேச்சு அந்த உரைக்கே உரியதாக இருக்கட்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, 35ஆம் விநாடியிலிருந்து 38ஆம் விநாடிக்குள் முடிப்பது பாதுகாப்பானது. திரையில் ஓடும் பட்டை முக்கால் பங்கைத் தாண்டியதும் எங்கே இருந்தாலும் கடைசி வரிக்குப் போய்விடுங்கள். நடுவில் ஒரு செய்தி விடுபட்டதே என்று வருந்தத் தேவையில்லை.

உரை புரியவே இல்லை என்றால்

அறியாத துறை, பழக்கமில்லாத உச்சரிப்பு, வேகமான பேச்சு. இப்படி ஒன்று வரத்தான் செய்யும். அப்போது எல்லாவற்றையும் பிடிக்க முயன்றால் எதுவும் மிஞ்சாது. திரும்பத் திரும்ப வரும் சொல்லைத் தேடுங்கள். ஒரே சொல் மூன்று முறை காதில் விழுந்தால் அதுதான் தலைப்பு. அடுத்து, கூடியதா குறைந்ததா, நல்லதா கெட்டதா என்று பேச்சாளரின் சாய்வைக் கவனியுங்கள். மூன்றாவதாக, கடைசி இரண்டு வாக்கியங்களைப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். முடிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இந்த மூன்றும் கிடைத்தால் நான்கு எளிய வாக்கியங்கள் வரும். அவற்றை நிதானமாக, உடையாமல் சொல்லுங்கள். 25 விநாடியில் முடிந்தாலும் பரவாயில்லை. நேரத்தை நிரப்புவதற்காகச் சொன்னதையே வேறு சொற்களில் மறுபடி சொன்னால், அது பேச்சோட்டத்தில் திரும்பக்கூறலாக விழும். புரியாத இரண்டு செய்திகளுக்கு நடுவே நீங்களாக ஒரு காரணத்தைக் கற்பித்து ஒட்டுவதும் வேண்டாம். உறவு தெரியாவிட்டால் ‘ஆல்சோ’ என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பொய்யான ‘பிகாஸ்’ உள்ளடக்கத்தைத் திரித்துவிடும்.

தமிழ் நாக்குக்கு உரிய சில கவனங்கள்

பிரிட்டிஷ்காரர் போலவோ அமெரிக்கர் போலவோ பேச வேண்டியதில்லை. பேசுவது எந்தச் சொல் என்று தெளிவாகக் கேட்டால் போதும். ஆனால் தமிழ் எழுத்தில் வேறுபாடு காட்டாத சில ஒலிகள் ஆங்கிலத்தில் சொல்லையே மாற்றிவிடும்.

மேலே எழுதிய ‘ஓசோன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ‘சோ’ என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் தேனீ ரீங்கரிப்பது போன்ற அதிர்வுள்ள ஒலி. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: விரலில் அதிர்வு தெரிந்தால் சரி. ‘கேஸஸ்’ என்ற சொல்லின் கடைசியிலும் அதே அதிர்வு வேண்டும். அதேபோல் ‘ஃப்ரிட்ஜ்’, ‘ஃபைண்ட்’ போன்றவற்றில் மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இரண்டு உதடும் ஒட்டினால் ‘ப்’ ஆகிவிடும்.

இன்னொன்று, மெய்யில் முடியும் சொற்களுக்கு நாம் பழக்கத்தில் ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுவது. ‘டாப்பிக்கு’, ‘ரைஸு’, ‘காஸு’. வேகமாகப் பேசும்போதும் பதற்றத்திலும் இது கூடுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அசை கூடினால் பேச்சு நீளும், தாளமும் ஆங்கிலத்துக்கு அந்நியமாகும். மெய்யில் நிறுத்திவிட்டு அடுத்த சொல்லோடு இணைத்துச் சொல்லப் பழகினால் இது குறையும்.

தாளம் இவற்றைவிடப் பெரிது. தமிழில் ஏறத்தாழ எல்லா அசைகளுக்கும் ஒரே அழுத்தம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் கருத்துச் சொற்களை ஓங்கியும், ‘ஆஃப்’, ‘டு’, ‘த’ போன்றவற்றை விழுங்கியும் சொல்ல வேண்டும். குறிப்பில் எழுதிய சொற்களை மட்டும் ஓங்கிச் சொல்வது என்று ஒரு விதி வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஏனென்றால் நீங்கள் எழுதியவை எல்லாம் கருத்துச் சொற்களே.

யோசிக்கும்போது ‘ஆ...’ என்று இழுப்பதற்குப் பதில், வாக்கியம் முடிந்த இடத்தில் வாயை மூடி மூச்சு எடுங்கள். வாக்கிய எல்லையில் விடும் அரை விநாடி இடைவெளி இயல்பானது. அதே இடைவெளி ஒரு பெயரடைக்கும் பெயருக்கும் நடுவில் விழுந்தால்தான் தயக்கம் எனப்படும்.

வீட்டில் பழகும் முறை

பல்கலைக்கழக உரைக் காணொளி ஒன்றை எடுத்து, தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஒன்றரை நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு எழுத்து வடிவம் இருந்தால் நல்லது. ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல்களை மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒருமுறை மட்டும் ஒலிக்கவிட்டு, பத்து விநாடி எண்ணி, கைபேசியில் 40 விநாடி பதிவு செய்யுங்கள். பதிவு முடியும்வரை உரையை மறுபடி கேட்கக்கூடாது. இரண்டாம் முறை கேட்டுவிட்டுப் பேசினால் நன்றாக வருவது இயல்பு. ஆனால் தேர்வு அளக்கும் திறன் அதில் வளராது.

பிறகு செய்வதுதான் முக்கியம். உங்கள் பதிவைக் கேட்டு, வாயிலிருந்து வந்ததை ஒரு எழுத்து விடாமல் தாளில் எழுதுங்கள். ‘ஆ’வையும் எழுதுங்கள், பாதியில் விட்ட வாக்கியத்தையும் அப்படியே எழுதுங்கள். தயங்கிய இடத்தில் ஒரு கோடு, திரும்பச் சொன்ன இடத்தில் வட்டம். அடுத்து உரையின் எழுத்து வடிவத்தில் ‘ஏனென்றால்’, ‘ஆனால்’, ‘ஆகவே’ என்ற பொருளில் வரும் ஒவ்வொரு இடத்தையும் அடிக்கோடிட்டு, உங்கள் பதிலில் அவை உள்ளனவா என்று பாருங்கள்.

கோடுகள் விழும் இடமே குறை எங்கே என்று சொல்லும். வாக்கியத்தின் தொடக்கத்தில் தயங்குகிறீர்கள் என்றால் குறிப்பின் வரிசை குழம்பியிருக்கிறது. அடுத்து எந்த வரி என்று கண் தேடுகிறது. வாக்கியத்தின் நடுவில் தயங்கினால், தாங்க முடியாத நீளத்தில் வாக்கியம் அமைக்கிறீர்கள்; இரண்டாக உடையுங்கள். ஓட்டம் நன்றாக இருந்தும் அடிக்கோடிட்ட உறவுகள் பதிலில் இல்லை என்றால், பெயர்களை எழுதிவிட்டு அம்புகளைப் போடாமல் விட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எதில் குறை என்று பார்க்காமல் நாளுக்கு இருபது உரைகள் பழகுவதைவிட, இரண்டு உரைகளை இப்படிப் பிரித்துப் பார்ப்பது பலன் தரும்.

தேர்வு நெருங்கும்போது அமைதியான அறையில் பழகுவதை நிறுத்துங்கள். தேர்வு மையத்தில் பக்கத்து இருக்கைக்காரரும் அதே நேரத்தில் உரக்கப் பேசிக்கொண்டிருப்பார். தொலைக்காட்சியை ஓடவிட்டு அதன் அருகில் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். தேர்வு மையத்தில் குரலை உயர்த்தத் தேவையில்லை. தேர்வு தொடங்குமுன் மைக் சோதனையில் உங்கள் குரலைப் பதிவு செய்து கேட்கச் சொல்வார்கள். மூச்சுக்காற்று ‘புஸ்’ என்று பதிந்தால் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுக் கீழே, தாடைப் பக்கம் நகர்த்துங்கள். பேசும் தொனியை அந்தச் சோதனையிலேயே முடிவு செய்து, கடைசிக் கேள்வி வரை அதே தொனியில் பேசுங்கள். பதில் முடிந்ததும் பட்டை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ‘Next’ ஐ அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குச் செல்லலாம்.